E I I O U U R: முதல் முறையிலேயே எழுத்துகளை மாற்றுவதா, EURO வைப்பதா?

ஏழாம்கட்டம்

ஒரு வாக்குவாதத்தை இங்கே கொண்டுவருகிறேன். ஆங்கில ஸ்க்ராபிள் ஆட்டம், பலகை காலி, முதல் முறை என்னுடையது. ராக்கில் வந்து உட்கார்ந்தவை E I I O U U R. ஆறு உயிரெழுத்து, ஒரே ஒரு மெய்யெழுத்து.

நான் EURO வைத்தேன். நான்கு எழுத்துக்கும் தலா 1 புள்ளி, நட்சத்திரக் கட்டம் இரட்டிப்பாக்கியதால் 8. மிச்சம் I I U. பையிலிருந்து நான்கு எடுத்தேன்: A, G, I, T. ஆக, அடுத்த முறைக்கு என் கையில் A G I I I T U. மீண்டும் ஐந்து உயிர், அதிலும் மூன்று I.

எதிரே ஆடிய நண்பர் ஆட்டம் முடிந்ததும் சொன்னார்: "அந்த ராக்கைப் பார்த்த உடனே ஐந்து எழுத்துகளை மாற்றியிருக்க வேண்டும்." என் கட்சி வேறு. இரண்டு உயிரை வெளியே தள்ளியிருந்தாலும் போதும், நான் மூன்று தள்ளினேன், மேலே 8 புள்ளியும் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த I வெறும் துரதிர்ஷ்டம். மாற்றினால் பூஜ்யம். பூஜ்யத்தைவிட 8 பெரிது. யார் சொல்வது சரி?

விரைவுக்காய்

நீங்கள் சொல்வதுதான் சரி. நான் எழுத்துகளை மாற்றவே மாட்டேன். முதல் முறையிலேயே ஒன்றும் வைக்காமல் விடுவது எதிராளிக்கு நட்சத்திரத்தைத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்பது. அவர் இரட்டிப்பு வாங்கிக்கொண்டு போய்விடுவார். நீங்களோ பாஸ் சொல்லிவிட்டு அதே குப்பையோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

எண்ணிப்பார்

பாஸ் வேறு, மாற்றுவது வேறு. பாஸ் சொன்னால்தான் அதே எழுத்துகள் கையில் இருக்கும். மாற்றும்போது வேண்டாதவற்றைக் கவிழ்த்து வைத்து, அதே எண்ணிக்கையில் பையிலிருந்து புதியவற்றை எடுத்துக்கொண்டு, அதன் பிறகுதான் பழையவற்றைப் பைக்குள் போட வேண்டும். அதனால் தள்ளிய U அந்தக் கணமே திரும்பி வராது. இரண்டுக்கும் புள்ளி பூஜ்யம் என்பது மட்டும் பொது.

நடுநட்சத்திரம்

ஏழாம்கட்டம், இதற்கு ஒரு எளிய விதி உண்டு. ராக்கில் எப்போதும் நான்கு மெய், மூன்று உயிர் இருக்கப் பார்க்க வேண்டும். உங்கள் கையில் ஒரு மெய்தான் இருந்தது, அதையும் EURO-வில் செலவழித்துவிட்டீர்கள். தவறு அங்கேதான். R-ஐ வைத்துக்கொண்டு, மூன்று உயிரையும் வைத்துக்கொண்டு, மற்ற மூன்றை மாற்றியிருக்க வேண்டும். வைத்துக்கொள்ளும் மூன்று உயிர்: E, I, U. ஏனென்றால் Q வந்தால் U வேண்டும். ஆங்கிலத்தில் U மொத்தமே நான்குதான். கையில் வந்ததை விடக்கூடாது.

பைநிறை

நடுநட்சத்திரம் அண்ணா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். R-ஐச் செலவழித்ததுதான் EURO-வின் பெரிய குறை, அதைச் சரியாகப் பிடித்தார். மூன்று உயிரை வைத்துக்கொள்வதும் U-வைக் காப்பதும் எனக்கு ஒப்புதல் இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான்கு மெய், மூன்று உயிர் என்பது புதிதாக எடுத்து முடித்த பிறகு ராக் எப்படி இருந்தால் நல்லது என்பதற்கான அளவு. எதை வைத்துக்கொள்வது என்பதற்கான அளவு அல்ல. வைத்துக்கொள்வதை முடிவு செய்யும்போது, பை என்ன தரப்போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மொத்தம் 100 எழுத்தில் 42 உயிர், 56 மெய், 2 வெற்றுக் கட்டை. Y-ஐ மெய்யில் சேர்த்திருக்கிறேன். உங்கள் கையிலிருப்பவற்றைக் கழித்தால் நீங்கள் பார்க்காதவை 93. அவற்றில் உயிர் 36, மெய் 55, வெற்று 2. எதிராளியின் ஏழும் இந்த 93-இல் அடக்கம். அவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாதவரை பையில் இருப்பதும் அவர் கையில் இருப்பதும் கணக்குக்கு ஒன்றே.

ஆக, எடுக்கும் ஒவ்வொரு எழுத்தும் உயிராக இருக்க வாய்ப்பு 100-க்கு 39 அளவில். I I U-வை வைத்துக்கொண்டு நான்கு எடுத்தால் சராசரியாக ஒன்றரை உயிர் வந்து சேரும். அடுத்த ராக்கில் நாலரை உயிர். இது சராசரி மட்டுமே. நான்கில் இரண்டோ அதற்கு மேலோ உயிராக வந்து ராக் மறுபடி ஐந்து உயிருக்குப் போவதற்கான வாய்ப்பைக் கணக்கிட்டால் 50 விழுக்காட்டுக்கு மிகச் சிறிதளவே மேலே நிற்கிறது. உங்களுக்கு வந்த A, I, G, T-யைத் துரதிர்ஷ்டம் என்கிறீர்கள். EURO வைக்கும்போதே இரண்டில் ஒரு தடவை இப்படி ஆகும் என்று ஒப்புக்கொண்டுதான் வைத்தீர்கள்.

E R-ஐ மட்டும் வைத்துக்கொண்டு ஐந்தை மாற்றியிருந்தால்? ராக் ஐந்து உயிருக்குப் போக வேண்டுமென்றால் எடுக்கும் ஐந்தில் குறைந்தது நான்கு உயிராக வர வேண்டும். அதற்கு வாய்ப்பு ஏறத்தாழ 7 விழுக்காடு. மறுபக்கம், ஐந்தும் மெய்யாகவோ வெற்றாகவோ வந்து E மட்டுமே ஒற்றை உயிராக நிற்க 8 விழுக்காடு. மீதி ஏறக்குறைய 85 விழுக்காட்டில் உங்கள் கையில் இரண்டு முதல் நான்கு உயிர் வரை இருக்கும். எதையும் ஆடக்கூடிய ராக்.

எண்ணிப்பார்

பைநிறையின் எண்களைச் சரிபார்த்தேன். EURO-வுக்குப் பிறகு ஐந்து உயிரோ அதற்கு மேலோ வருவதற்கு 50.4, E R வைத்து மாற்றினால் 7.2. சரியாகவே இருக்கின்றன. ஒரு சிறு திருத்தம் மட்டும்: வெற்றுக் கட்டை வந்தால் ராக் தானாகவே சீராகிவிடும் என்பதால், ஐந்து உயிரோடு ஒரு வெற்று வந்த ராக்கைக் கெட்டது என்ற பட்டியலில் சேர்க்கலாமா என்பது விவாதத்துக்கு உரியது. விடை பெரிதாக மாறாது.

ஏழாம்கட்டம்

எண்கள் புரிகின்றன, பைநிறை. ஆனால் நீங்கள் 8 புள்ளியைப் பற்றிப் பேசவே இல்லையே. ராக் அழகாக இருந்தால் ஆட்டம் வென்றுவிடுமா? கடைசியில் எண்ணுவது புள்ளியைத்தானே.

பைநிறை

நியாயமான கேள்வி. அந்த 8-ஐ எப்படித் திரும்பப் பெறுவது என்று பாருங்கள்.

ஏழு எழுத்தையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல். அந்த பிங்கோவோடு சேர்த்து ஒரு முறைக்கு 65, 70 என்று வரும். பிங்கோ இல்லாத சாதாரண முறைக்கு 20, 25 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் சுமார் 45. அப்படியானால் 8 புள்ளியை ஈடுகட்ட, மாற்றியதால் அடுத்த முறை பிங்கோ கிடைக்கும் வாய்ப்பு 18 விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தாலே போதும். I I U-வோடு எந்த நான்கு வந்து சேர்ந்தாலும் பிங்கோ அமைவது அரிது. E R-உடன் ஐந்து புதியவை வருகின்றன. அந்த ஐந்தில் ஒரு S-ஓ வெற்றுக் கட்டையோ இருக்க வாய்ப்பு 29 விழுக்காடு.

பிங்கோவை முழுவதும் மறந்துவிட்டாலும் கணக்கு தேறும். A G I I I T U வைத்துக்கொண்டு உங்கள் இரண்டாம் முறையில் எத்தனை புள்ளி எடுத்தீர்கள்? 10, 12-க்கு மேல் போயிருக்காது என்று நினைக்கிறேன். சீரான ராக்கில் அதே முறைக்கு 20-க்கு மேல் எடுக்கலாம். அதோடு மூன்று I உள்ள ராக் ஒரே முறையில் தெளிவதில்லை. மூன்றாம் முறைக்கும் ஒரு I மிச்சம் நிற்கும். நீங்கள் 8 வாங்கிக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு முறைகளில் அதைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

ஏழாம்கட்டம்

இரண்டாம் முறையில் 9. சரி, மேலே சொல்லுங்கள்.

விரைவுக்காய்

நட்சத்திரம் கைமாறுவதை யாரும் கணக்கில் எடுக்கவில்லையே?

பைநிறை

எடுக்கலாம், ஐயா. முதல் சொல்லுக்கு இரட்டிப்பு என்பது எதிராளிக்கு ஓர் ஆதாயம்தான். ஆனால் அவர் வைக்கும் சொல்லில் நீங்கள் தொங்கிக்கொள்ளலாம். நீங்கள் EURO வைத்தால் அவர் அதில் தொங்கிக்கொள்வார். EURO-வின் வாலில் S சேரும், EUROS. காலிப் பலகையில் 8 புள்ளிக்கு S வைக்கும் இடத்தையும் திறந்துவிட்டு, S வந்தாலும் அதைப் பயன்படுத்தத் தோதில்லாத ராக்கோடு உட்கார்ந்திருப்பது எனக்கு உவப்பாக இல்லை.

நீங்கள் சொல்லாத இன்னொரு இழப்பும் உண்டு. எத்தனை எழுத்தை மாற்றுகிறோம் என்று எதிராளிக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்து என்றால் என் கையில் இரண்டு நல்லவை இருக்கின்றன என்று அவர் ஊகிப்பார். ஒன்றே ஒன்று என்றால் பிங்கோவுக்கு ஓர் எழுத்து குறைகிறது என்று ஊகித்துப் பலகையை அடைக்கப் பார்ப்பார். ஐந்து மாற்றும்போது அந்தத் தகவலால் அவருக்குப் பெரிய பயன் இல்லை.

நடுநட்சத்திரம்

Q பற்றிச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பைநிறை

பையில் Q ஒன்றுதான். ஐந்து எடுத்தால் அது உங்களுக்கு வர வாய்ப்பு 93-இல் 5, அதாவது 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். வந்தாலும் QI, QAT போன்று U தேவைப்படாத சொற்கள் இருக்கின்றன. அந்த 5 விழுக்காட்டுக்காக மீதி 95 விழுக்காட்டிலும் U-வைச் சுமந்துகொண்டு திரிய வேண்டாம். ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், பையில் 10 எழுத்தே இருந்து Q இன்னும் வெளிவரவில்லை என்றால், அப்போது ஒரு U-வைக் காப்பாற்றுவது வேறு விஷயம். அங்கே உங்கள் விதிதான் சரி.

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இந்த எழுத்து, பையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் ஓர் எழுத்தைவிட எனக்கு நல்லதா? அந்த 93-இல் நான்கு S, இரண்டு வெற்று, ஒரு Z, ஒரு X எல்லாம் இருக்கின்றன. அதனால் சராசரி எழுத்து நாம் நினைப்பதைவிட நல்ல எழுத்து. E அந்தச் சோதனையில் தேறும். R, E-யோடு சேர்ந்து தேறும். RE-யில் தொடங்கும் சொற்களும் ER-இல் முடியும் சொற்களும் அவ்வளவு இருக்கின்றன. U தேறாது. இரண்டாவது I எந்த ராக்கிலும் தேறாது. O கிட்டத்தட்ட தேறாது. ஒற்றை I தேறுமா என்பதில்தான் தகராறு.

கண்ணாடிப்பை

அந்தத் தகராறை நான் தொடங்கிவைக்கிறேன். E I R வைத்துக்கொண்டு நான்கை மாற்றுவேன். E I R மூன்றும் ஒன்றோடொன்று இழையும். N வந்தாலும் T வந்தாலும் S வந்தாலும் பிங்கோவுக்கு வழி திறக்கும். உயிர் இரண்டு, மெய் ஒன்று என்று இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். பையில்தான் மெய் மிகுந்திருக்கிறதே, 36-க்கு 55. பை நமக்காக மெய்யைக் கொண்டுவரும்.

எண்ணிப்பார்

E I R வைத்து நான்கு எடுத்தால் ஐந்து உயிருக்குப் போகும் வாய்ப்பு 16 விழுக்காடு. E R-க்கு 7. இரண்டு மடங்குக்கு மேல்.

கண்ணாடிப்பை

16 என்றால் 84 தடவை போகாது என்றுதானே பொருள்? அந்த 84-இல் என் ராக்கில் ஏற்கெனவே மூன்று நல்ல எழுத்துகள் இருக்கின்றன, உங்கள் ராக்கில் இரண்டு. நீங்கள் கெட்டதை மட்டும் எண்ணுகிறீர்கள், நல்லதை எண்ணவில்லை.

பைநிறை

உங்கள் வாதத்தில் வலு இருக்கிறது. இருந்தாலும் நான் E R பக்கம்தான். நான்கு எடுப்பதற்கும் ஐந்து எடுப்பதற்கும் இடையில் S அல்லது வெற்று கிடைக்கும் வாய்ப்பு 24-இலிருந்து 29-க்கு ஏறுகிறது. முதல் முறையில் பை முழுசாக இருக்கும்போது அந்த ஒரு கூடுதல் எழுத்தை I-க்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. I-க்குப் பதில் அங்கே A இருந்திருந்தால் A E R-ஐ வைத்துக்கொண்டிருப்பேன், இரண்டாம் யோசனை இல்லாமல்.

கண்ணாடிப்பை

A-வையும் I-யையும் அவ்வளவு தூரம் பிரிப்பது எனக்கு ஏற்புடையதல்ல. விடுங்கள், நமக்குள் இது தீராது.

சொல்வேட்டை

எல்லாரும் EURO-வையும் மாற்றுவதையும் ஒப்பிடுகிறீர்கள். இந்த ராக்கில் OURIE இருக்கிறதே, யாருக்கும் தெரியவில்லையா? நான்கு உயிரும் R-உம் ஒரே வீச்சில் போய்விடும்.

ஏழாம்கட்டம்

கேள்விப்பட்டதே இல்லை. செல்லுமா?

சொல்வேட்டை

செல்லும். ADIEU, AUDIO, AUREI, LOUIE, MIAOU, OURIE. ஐந்து எழுத்தில் நான்கு உயிர் கொண்ட இந்த வகைச் சொற்கள் கொஞ்சம்தான். ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொண்டால் உயிர் நிறைந்த ராக்கில் பாதிக் கவலை ஒழியும். OURIE-யை எட்டாம் வரிசையில் இடப்பக்கம் உள்ள இரட்டை எழுத்துக் கட்டத்தைத் தொடுமாறு வைத்தால் 12 புள்ளி. வாலில் S சேராது என்பதால் எதிராளிக்கும் எளிய இடம் இல்லை. பேசாமல் இதை வைத்துவிட வேண்டியதுதான். மாற்றும் பேச்சே எழாது.

பைநிறை

நல்ல பிடி. EURO-வைவிட OURIE நிச்சயமாக மேல். புள்ளியிலும் மேல், மிச்சத்திலும் மேல். ஆனால் மாற்றும் பேச்சு எழாது என்பதை ஏற்கமாட்டேன். மிச்சம் என்ன? I U. அடுத்த ஐந்தில் மூன்று உயிர் வந்தாலே ராக் மறுபடி ஐந்து உயிர். அதற்கு வாய்ப்பு 29 விழுக்காடு. EURO-வின் பாதிக்குப் பாதியும் அல்ல, மாற்றுவதன் 7-உம் அல்ல, நடுவில் நிற்கிறது. U கையில் நிற்பதால் மீதி 71 விழுக்காட்டிலும் ராக் அவ்வளவு மிளிராது.

12 புள்ளியை விட்டுக்கொடுத்து E R-ஐக் காப்பதா, 12-ஐ வாங்கிக்கொண்டு I U-வோடு போராடுவதா? இதில் நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டு பக்கமும் நிற்பார்கள். நான் OURIE வைப்பேன், ஆனால் எதிரே இருப்பவர் மாற்றினால் அவரைக் குறைசொல்லமாட்டேன். ஏழாம்கட்டத்தின் கேள்விக்கு என் வரிசை இது: OURIE-யும் மாற்றுவதும் ஏறத்தாழ ஒன்று, EURO தெளிவாகப் பின்னால். OURIE தெரியாதவருக்கு மாற்றுவதே சரி. அந்த வகையில் உங்கள் நண்பர் சொன்னதுதான் வெல்கிறது.

சொல்வேட்டை

கடைசியில் சொல்லறிவுதான் தீர்த்துவைத்தது என்று எடுத்துக்கொள்கிறேன்.

எண்ணிப்பார்

அப்படி எடுத்துக்கொண்டால் ஆபத்து. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் கையில் A D I O U கண்டதும் AUDIO வைத்துவிடுகிறார்கள், மிச்சம் இரண்டு V W-வாக இருந்தாலும். அங்கே கொட்டியது உயிரை, கையில் நின்றது இரண்டு சுமை. எதைக் கொட்டினோம் என்பதோடு எது நின்றது என்பதையும் பார்க்க வேண்டும்.

மாலைநேரம்

இதே போன்ற நிலை எனக்கும் வந்தது. கையில் ஆறு மெய், ஓர் U. நான்கை மாற்றுகிறேன் என்றேன். எதிராளி முடியாது என்கிறார். பையில் ஐந்து எழுத்து இருந்தது, நான் கேட்டது நான்குதான். நான்குக்கு ஐந்து போதாதா? ஏன் மறுத்தார் என்று இன்றுவரை புரியவில்லை.

எண்ணிப்பார்

அவர் மறுத்தது சரி. பையில் குறைந்தது ஏழு எழுத்து இருந்தால்தான் மாற்றலாம், நீங்கள் ஒன்றையே மாற்றினாலும் சரி. ஐந்து இருக்கும்போது நீங்கள் ஆடலாம் அல்லது பாஸ் சொல்லலாம், அவ்வளவுதான்.

பைநிறை

மாலைநேரம், உங்கள் கேள்வியில் இன்னொரு பாடம் இருக்கிறது. அந்த ஆறு மெய் ஒரே முறையில் வந்திருக்காது. பையில் 15 எழுத்து இருக்கும்போதே சேரத் தொடங்கியிருக்கும். பை 12, 13-க்கு வந்ததும் நான் ஒரு முறை நின்று பார்ப்பேன்: மாற்றுவதற்கு இதுதான் கடைசி வாய்ப்பாக இருக்குமா? நான் நான்கு வைத்து, எதிராளி நான்கு வைத்தால், அடுத்த முறை கதவு மூடியிருக்கும். உங்கள் கையில் W V போன்றவை இருந்தால் அவற்றை அப்போதே தள்ளிவிட வேண்டும், குறைந்த புள்ளிக்காவது.

மாலைநேரம்

W இருந்தது, அம்மா. V-யும் இருந்தது.

நடுநட்சத்திரம்

சரி, என் நான்குக்கு மூன்று விதியை விட்டுவிடச் சொல்கிறீர்கள். அதற்குப் பதில் என்ன விதி? ஒவ்வொரு முறையும் விழுக்காடு போட்டுக்கொண்டிருக்க முடியாது.

பைநிறை

விட்டுவிடச் சொல்லவில்லை, அண்ணா. பையைப் பார்த்து வளைக்கச் சொல்கிறேன். நடு ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் வைத்தவற்றைத் தாளில் அடித்துக்கொண்டே வருகிறீர்கள். பார்க்காதவை 33. அவற்றில் உயிர் 8 மட்டுமே. அதாவது எடுக்கும் நான்கில் சராசரியாக ஓர் உயிர்தான் வரும். இப்போது உங்கள் கையில் ஐந்து உயிர், இரண்டு மெய். முதல் முறையாக இருந்தால் நான் மூன்று உயிரையாவது தள்ளச் சொல்வேன். இங்கே மூன்றை வைத்துக்கொள்ளச் சொல்வேன், இரண்டை மட்டும் தள்ளினால் போதும். எதிராளி மெய்களைச் சேர்த்துக்கொண்டு திணறும்போது உங்கள் கையில் இருக்கும் உயிர்தான் சொத்து.

இதற்கு விழுக்காடு தேவையில்லை. பார்க்காதவற்றில் உயிர் எத்தனை என்று எண்ணி, அது பாதிக்கு மேலா, மூன்றில் ஒன்றா, நான்கில் ஒன்றா என்று மட்டும் பார்த்தால் போதும். ஆட்டம் தொடங்கும்போது ஐந்தில் இரண்டு. அதிலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறதோ, அதற்கு எதிர்ப் பக்கமாக உங்கள் மிச்சத்தை நகர்த்துங்கள்.

விரைவுக்காய்

தாளில் அடித்துக்கொண்டே ஆடுவது விளையாட்டா, கணக்குப்பிள்ளை வேலையா?

எண்ணிப்பார்

போட்டிகளில் அனுமதிக்கப்பட்ட வேலை. தோற்கும்வரை வேண்டாம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

ஏழாம்கட்டம்

இன்னொரு ராக். இந்த முறை எதிர்க் கோடி, உயிரே இல்லை: C L N R T T V. பார்க்காதவை 60, அவற்றில் உயிர் 29, மெய் 30, வெற்று 1. பலகையில் ஓர் A திறந்து கிடக்கிறது, இருபுறமும் இடம் உண்டு. அதைத் தொட்டு TRACT வைக்கலாம், இரட்டைச் சொல் கட்டத்தில் விழும், 14 புள்ளி. மிச்சம் L N V. அல்லது மாற்றலாம். முதல் ராக்கில் கேட்டதைக் கேட்டபின் இங்கேயும் மாற்றத்தான் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன்.

நடுநட்சத்திரம்

உயிரே இல்லாத ராக். மாற்றுங்கள். N R T வைத்துக்கொண்டு நான்கு.

பைநிறை

இங்கே மாற்ற மாட்டேன். பார்க்காதவற்றில் ஏறக்குறைய பாதி உயிர். TRACT-க்குப் பிறகு நான்கு எடுத்தால் சராசரியாக இரண்டு உயிர் வந்துவிடும். ராக் தானாகவே சீராகும். I I U-வுக்கும் L N V-க்கும் உள்ள வேறுபாடு அதுதான். அங்கே பை உங்களை மேலும் சாய்க்கலாம், இங்கே பை உங்களை நிமிர்த்தும். 14 புள்ளியை வாங்கிக்கொள்ளுங்கள்.

சொல்வேட்டை

V-யைக் கவனியுங்கள். V-யைக் கொண்டு இரண்டெழுத்துச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. மாட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டே இருக்கும். நான் அந்த A-வைத் தொட்டு VAT வைப்பேன். 6 புள்ளிதான், இரட்டைச் சொல் கட்டத்தில் விழுந்தால் 12. மிச்சம் C L N R T, ஐந்தும் நல்ல மெய்.

கண்ணாடிப்பை

ஐந்து மெய்யை வைத்துக்கொண்டு இரண்டே இரண்டு எடுப்பதா? இரண்டும் மெய்யாகவே வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அப்போது என்ன செய்வீர்கள்?

சொல்வேட்டை

இரண்டும் உயிராக வரவும் ஏறத்தாழ அதே வாய்ப்பு இருக்கிறது. அப்போது C L N R T-யோடு என்ன செய்வேன் என்று கேளுங்கள்.

ஏழாம்கட்டம்

ஆட்டம் இன்னும் முடியவில்லை, என் முறைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. TRACT வைக்கிறேன். என்ன வந்தது என்று பிறகு எழுதுகிறேன்.

எண்ணிப்பார்

ஆட்டத்தின் நடுவில் கேட்கிறீர்களா? எதிராளிக்கு இந்தப் பக்கம் தெரியுமா?